கணக்கு எழுதும் ஆபீஸை மாற்றும்போது

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சிறு தொழில் செய்வோரில் பலர் பதிவு வேலையைத் தங்கள் கணக்கை எழுதிக்கொண்டிருந்த ஆபீஸிடமே விட்டார்கள். படிவத்தில் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கேட்கும் இடத்தில், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, அந்த ஆபீஸ் ஊழியர் தன் எண்ணையே போட்டார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. மாதாமாதம் ஓடிபி கேட்டு முதலாளியைத் தொந்தரவு செய்யாமல் ரிட்டர்ன் போய்க்கொண்டிருந்தது. ஆபீஸை மாற்ற வேண்டிய நாள் வரும்போதுதான் உங்கள் தொழிலின் சாவி உங்களிடம் இல்லை என்பது தெரியவரும்.

இந்த அத்தியாயம் அந்த நாளுக்கானது. வெளியே கணக்கு எழுதக் கொடுத்திருக்கும் சிறு நிறுவனம் ஒன்று ஆபீஸை மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று பார்ப்போம். வரிசைதான் இதில் பாதி வேலை. பெரும்பாலோர் முதலில் போன் செய்து, "அடுத்த மாதத்திலிருந்து வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதன்பிறகு பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கடைசியில்தான் டாலி டேட்டா நினைவுக்கு வருகிறது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் சாவி, பிறகு பிரதி, பிறகு கடிதம். அடைப்பது கடைசியில்.

நம் உதாரணம் கோவை கணபதியில் உள்ள ஒரு லேத் பட்டறை. பம்புக்கான ஷாஃப்ட், புஷ் செய்கிறார்கள். அண்ணன் தம்பி இருவர் பார்ட்னர்கள், பதினான்கு தொழிலாளர்கள். எட்டு வருடமாக ஒரே ஆபீஸ் கணக்கு எழுதுகிறது. சண்டை ஒன்றுமில்லை. அங்கிருந்த அனுபவசாலி விலகிவிட்டார், ரிட்டர்ன் இரண்டு முறை தாமதமானது, அவ்வளவுதான். அண்ணன் தம்பி இருவரும் வேறு ஆபீஸுக்குப் போக முடிவு செய்துவிட்டார்கள்.

நாளைக் குறித்தல்

மாதத்தின் நடுவில் மாற்றாதீர்கள். மாத ரிட்டர்ன் போடுபவருக்கு 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், ஈஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று வரிசையாகக் கெடு நிற்கிறது. 20 முடிந்ததிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள பத்து நாள்தான் கொஞ்சம் மூச்சுவிடும் இடம். கைமாற்று வேலையை அங்கே வையுங்கள்.

மாதங்களிலும் நல்லது கெட்டது உண்டு. அக்டோபர், நவம்பரில் மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. முந்தைய நிதியாண்டில் விட்டுப்போன உள்ளீட்டு வரிக் கழிவை எடுக்க நவம்பர் 30தான் கடைசி நாள். எந்த பில் விட்டுப்போனது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. பழையவர் அதைத் தேடிக் கொடுக்கும் மனநிலையில் இருக்கமாட்டார்.

நம் பட்டறை ஜூன் 30ஐக் கோடாக எடுத்துக்கொண்டது. ஜூன் 30 வரையிலான பதிவுகள், ஜூலை 20இல் போடும் ஜூன் மாத 3பி, ஜூலை 31இல் போடும் முதல் காலாண்டு டிடிஎஸ் அறிக்கை, இவை மூன்றும் பழைய ஆபீஸின் பொறுப்பு. ஜூலை 1 தேதியிட்ட முதல் பில்லிலிருந்து புதியவர்களின் பொறுப்பு. இந்தக் கோடு எழுத்தில் இல்லாவிட்டால், காலாண்டு டிடிஎஸ் அறிக்கை இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் விழுந்துவிடும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணம் ஏறும்.

முதல் வேலை: ஓடிபி யாருக்குப் போகிறது?

மாற்றப்போவதைச் சொல்வதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. தன் தொழிலின் பதிவில் தன் எண் இருக்க வேண்டும் என்பது எந்த முதலாளிக்கும் உள்ள சாதாரண உரிமை. "எண்ணை எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டால் நல்ல ஆபீஸ் உடனே செய்து கொடுக்கும். அவர்களுக்கும் பாரம் குறையும்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள்: ஜிஎஸ்டி தளம், இ-வே பில் தளம், வருமான வரித் தளத்தில் நிறுவனத்தின் பான் கணக்கு, அதே தளத்தில் டான் கணக்கு, டிடிஎஸ்ஸுக்கான டிரேசஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ, வங்கி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பயனர் பெயர், செல்பேசி எண், மின்னஞ்சல். எங்கே நிரப்பத் தெரியவில்லையோ அங்கேதான் ஓட்டை. பான் கணக்கும் டான் கணக்கும் தனித்தனி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றில் எண்ணை மாற்றினால் மற்றொன்றில் மாறாது.

ஜிஎஸ்டி தளத்தில் எண்ணும் மின்னஞ்சலும் மாற்ற, உள்ளே போய் `Amendment of Registration Non-Core Fields` என்ற விண்ணப்பத்தைத் திறந்து, முதன்மை அங்கீகாரக் கையொப்பதாரரின் விவரத்தைத் திருத்த வேண்டும். இந்த வகைத் திருத்தத்துக்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. மின்னஞ்சலாகத் தனிநபருடையதைக் கொடுக்காமல், நிறுவனத்துக்கென்று ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். அதன் பாஸ்வேர்டு பார்ட்னர்களிடம் மட்டும் இருக்கட்டும்.

பழைய ஆபீஸ் ஒத்துழைக்கவில்லை, எண்ணும் அவர்களுடையது, பாஸ்வேர்டும் தெரியாது என்றால் வழி அடைபட்டுவிடவில்லை. ஜிஎஸ்டி தளத்தின் முகப்பில் `Search Taxpayer` பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால், உங்களுக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்று `Administrative Office` என்ற தலைப்பில் காட்டும். மத்திய அலுவலகமாகவும் இருக்கலாம், மாநில வணிகவரி அலுவலகமாகவும் இருக்கலாம். அங்கே கையொப்பதாரரே போய், தான்தான் அவர் என்பதற்கும் நிறுவனத்துக்கும் ஆவணம் காட்டி எழுதிக் கொடுத்தால், அதிகாரி புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் ஏற்றித் தற்காலிக பாஸ்வேர்டு வரச் செய்வார். அதை வைத்துப் புதிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அமைத்துக்கொள்ளலாம். சில நாள் அலைச்சல்தான், ஆனால் முடிகிற காரியம்.

எண் கைக்கு வந்த அன்றே அறிவிப்புகளைப் பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் நோட்டீஸ்கள் இரண்டு இடத்தில் கிடக்கும். `View Notices and Orders` என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். `View Additional Notices/Orders` என்ற இன்னொரு பகுதி உண்டு. பல நோட்டீஸ்கள் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். மின்னஞ்சல் இத்தனை நாள் வேறொருவருக்குப் போனதால், பதில் கொடுக்காத நோட்டீஸ் ஒன்று இருந்தால் உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இருந்திருக்காது. பதில் இல்லாவிட்டால் துறை தன்னிடம் உள்ளதை வைத்து உத்தரவு போட்டுவிடும். அப்படி ஏதாவது இருந்தால், யார் எப்போது பதில் கொடுப்பது என்பதைக் கைமாற்றுக்கு முன்பே பேசி முடியுங்கள்.

பிரதி: பிடிஎஃப் வேண்டாம், டேட்டா வேண்டும்

"எல்லாம் அனுப்பிவிட்டோம்" என்று ஒரு ஆபீஸ் சொன்னால், பெரும்பாலும் பேலன்ஸ் ஷீட்டும் லாப நட்டக் கணக்கும் பிடிஎஃப்பாக வந்திருக்கும். அது முடிவு மட்டும்தான். ஒரு வாடிக்கையாளர் இரண்டு வருடம் முன்பு கொடுத்த பணம் எந்த பில்லுக்கு என்று அதில் பார்க்க முடியாது. உங்களுக்கு வேண்டியது டாலியின் முழு பேக்கப், ஆரம்பித்த ஆண்டிலிருந்து எல்லா ஆண்டுகளும். சில ஆபீஸ்களில் ஆண்டுதோறும் புதுக் கம்பெனி திறந்து எழுதும் பழக்கம் உண்டு. அப்படியானால் எட்டு ஆண்டுக்கு எட்டு பேக்கப் கேட்க வேண்டும்.

பேக்கப்போடு நான்கு விஷயம் சேர்ந்து வர வேண்டும்: டாலியின் எந்த வெளியீட்டில் எடுத்தது, அட்மினிஸ்ட்ரேட்டர் பயனர் பெயர், அதன் பாஸ்வேர்டு, டாலிவால்ட் போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டு. கடைசியானது மிக முக்கியம். டாலிவால்ட் டேட்டாவையே பூட்டிவிடுகிறது. பாஸ்வேர்டு தொலைந்தால் டாலி நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. வெளியீடு எதற்கென்றால், புதிய வெளியீட்டில் எழுதியதைப் பழைய வெளியீட்டில் திறக்க முடியாது.

வந்த பேக்கப்பை உங்கள் கணினியில் அன்றே திறந்து பாருங்கள். டாலி பிரைமில் `Alt+Y` அழுத்தி `Restore` கொடுக்க வேண்டும். உரிமம் வாங்கவில்லை என்றாலும் பரவாயில்லை. கல்வி முறையில் திறந்து பார்க்கலாம், அதில் பதிவு செய்வதற்குத்தான் தேதிக் கட்டுப்பாடு. திறக்கிறதா, கடைசி வவுச்சர் தேதி என்ன என்று பார்த்துவிட்டு, ட்ரையல் பேலன்ஸை அச்செடுத்து வையுங்கள். திறக்காத பென்டிரைவை "வந்தது" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், மூன்று மாதம் கழித்துக் கேட்கும்போது பதில் வராது.

காகிதங்களில் பர்ச்சேஸ் பில், ரொக்க வவுச்சர், வங்கிக் கடன் ஒப்பந்தம், இயந்திரங்கள் வாங்கிய பில், தேய்மான அட்டவணை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். போட்ட ரிட்டர்ன்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களிலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். எங்கும் திரும்பக் கிடைக்காதது ரொக்க வவுச்சர்தான். ஆகவே அந்தப் பெட்டியை முதலில் வண்டியில் ஏற்றுங்கள்.

எதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம். 2024-25ஆம் ஆண்டுக்கான கெடு 2025 டிசம்பர் 31. அந்த ஆண்டின் பில்கள் 2031 டிசம்பர் 31 வரை உங்கள் கையில் இருக்க வேண்டும். வழக்கோ விசாரணையோ நடந்தால் இன்னும் அதிகம். இந்தப் பொறுப்பு உங்களுடையது. "பழைய ஆபீஸில் இருக்கிறது" என்பதை அதிகாரி ஏற்கமாட்டார்.

கடிதம்

சாவி கையில், பிரதி கையில் வந்தபின் கடிதம் கொடுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். தேதியும் பொறுப்பும் தெளிவாக இருந்தால் போதும். நம் பட்டறையின் கடிதம் இப்படி இருந்தது:

"ஐயா, வணக்கம். எங்கள் நிறுவனத்தின் கணக்கு எழுதும் பணியை ஜூன் 30 தேதியிட்ட பதிவுகளோடு தங்களிடமிருந்து முடித்துக்கொள்கிறோம். ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி, பிஎஃப், ஈஎஸ்ஐ, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான டிடிஎஸ் அறிக்கை ஆகியவற்றைத் தாங்களே முடித்துத் தர வேண்டுகிறோம். இறுதி டாலி பேக்கப்பையும், எங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள் இரண்டையும், இத்துடன் உள்ள பட்டியல்படியான காகிதங்களையும் ஜூலை 25ஆம் தேதிக்குள் பெற்றுக்கொள்கிறோம். ஜூன் வரையிலான கட்டண நிலுவையை இத்துடன் செலுத்தியுள்ளோம். ஜூலையில் போடும் டிடிஎஸ் அறிக்கைப் பணிக்கான தொகையை அது முடிந்ததும் செலுத்துவோம். ஆகஸ்ட் 1 முதல் எங்கள் தளங்களுக்குள் தங்கள் பயன்பாடு நிறுத்தப்படும்."

கட்டண நிலுவை பற்றிய வரியைக் கவனியுங்கள். கணக்குப் புத்தகங்களைத் திருப்பித் தராமல் பிடித்து வைப்பதில் முடியும் தகராறுகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, மொத்த நிலுவைக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையை வங்கியர், உயர்நீதிமன்ற வழக்கறிஞர் முதலான சிலருக்கே தருகிறது. மற்றவர்களுக்கு அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. ஆனால் 170ஆம் பிரிவின்படி, ஒரு பொருளின்மேல் வேலை செய்தவர் அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்திருக்கலாம். உங்கள் பில் கட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று வழக்காடிக்கொண்டிருந்தால் 20ஆம் தேதி வந்துவிடும். மறுப்பில்லாத பாக்கியை உடனே கொடுத்துவிடுங்கள். மறுக்கிற தொகை இருந்தால் அதை மட்டும் தனியாகப் பேசுங்கள்.

சரிபார்ப்பு: மூன்று எண்கள்

இறுதி பேக்கப் வந்ததும், புதிய ஆபீஸ் முதல் பதிவு போடுமுன், ஜூன் 30 நிலவரத்தை வெளிச்சான்றுகளோடு ஒப்பிட வேண்டும். நூறு லெட்ஜரையும் பார்க்க நேரமிருக்காது. வங்கி, வரிக் கழிவு, டிடிஎஸ் இந்த மூன்றும் ஒட்டினால் பெரும்பாலான தவறுகள் வெளியே வந்துவிடும்.

பட்டறையின் டாலியில் வங்கி இருப்பு 6,42,310 ரூபாய். வங்கி ஸ்டேட்மென்ட்டில் 6,18,310. வித்தியாசம் 24,000. இப்படி முழுத் தொகையாக வித்தியாசம் வந்தால், ஒரே பதிவு விட்டுப்போயிருக்கும் அல்லது இரண்டு முறை ஏறியிருக்கும். தேடியபோது, ஒரு வாடிக்கையாளர் கொடுத்த 24,000 ரூபாய் ஜூன் 14 தேதியிலும் 16 தேதியிலும் வரவு வைக்கப்பட்டிருந்தது. இது வெறும் எண் பிசகு இல்லை. அந்த வாடிக்கையாளரின் பாக்கி டாலியில் 24,000 குறைவாகக் காட்டும். புதிய ஆபீஸ் அந்தப் பட்டியலை வைத்து வசூலுக்கு அனுப்பினால் அவ்வளவு பணத்தைக் கேட்கவே மாட்டார்கள். பழைய ஆபீஸ் இன்னும் பொறுப்பில் இருக்கும்போதே ஜூன் தேதியில் திருத்தச் சொன்னார்கள், திருத்தி இன்னொரு பேக்கப் வந்தது.

அடுத்தது வரிக் கழிவு. ஜூன் 3பி போட்டபின் ஜிஎஸ்டி தளத்தின் மின்னணுக் கழிவுப் பேரேட்டில் 1,87,450 ரூபாய் இருந்தது. டாலியின் உள்ளீட்டு வரி லெட்ஜர்களைக் கூட்டினால் 2,03,650. வித்தியாசம் 16,200. இதில் தப்பு எதுவும் இல்லை. 90,000 ரூபாய்க்கு இரும்புக் கம்பி கொடுத்த ஒரு வியாபாரி தன் ஜிஎஸ்டிஆர்-1ஐப் போடவில்லை; அதனால் 18 சதவீத வரியான 16,200 ரூபாய் 2பி அறிக்கையில் வரவில்லை, பட்டறையும் கழிவு எடுக்கவில்லை. சரியான நடைமுறைதான். ஆனால் இது பழைய ஆபீஸ் ஊழியரின் மனதில் மட்டும் இருந்த விஷயம். பட்டியலாக எழுதி வாங்காவிட்டால் புதியவர்கள் வித்தியாசத்தைப் பிழை என்று நினைத்துத் தள்ளுபடி செய்திருப்பார்கள், 16,200 ரூபாய் போயிருக்கும். ஆகவே வித்தியாசம் எவ்வளவு என்பதோடு நிற்காமல், அது எந்தெந்த பில்களால் ஆனது என்று எழுதி வாங்குங்கள். பில்வாரியாகச் சொல்ல முடியாத வித்தியாசம் இருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டியது.

மூன்றாவது எளிது. டாலியில் ஜூன் 30 அன்று கட்ட வேண்டிய டிடிஎஸ் எவ்வளவோ, ஜூலை 7க்குள் கட்டிய செலான் அவ்வளவு இருக்க வேண்டும். மீதி ஏதாவது தொங்கினால், பழைய மாதமொன்றில் பிடித்த வரி கட்டப்படாமல் கிடக்கிறது என்று பொருள். அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அடைத்தல்

கடைசி ரிட்டர்ன் போகும்வரை பழைய ஆபீஸுக்கு உள்ளே நுழைய வழி வேண்டும். கோபத்தில் 10ஆம் தேதியே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு 20ஆம் தேதி ரிட்டர்ன் போடவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. இந்த இடைக்காலத்தில் ஓடிபி உங்களுக்கு வருவதால், ஒவ்வொரு முறையும் எதற்கு என்று கேட்டுக் கொடுக்கலாம். வங்கி மட்டும் விதிவிலக்கு. பணம் அனுப்பும் உரிமை வெளியாருக்கு இருந்தால் கடிதம் கொடுக்கும் அன்றே அதை எடுத்து, பார்க்க மட்டும் முடிகிற உரிமையாக வங்கியில் மாற்றிவிடுங்கள்.

ஆகஸ்ட் 1 அன்று ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பாஸ்வேர்டுகளை மாற்றுவது தெரிந்த வேலை. தெரியாமல் விட்டுப்போவது பக்கவாசல்கள். ஜிஎஸ்டி தளத்தில் ஒரு ஜிஎஸ்டி பிராக்டிஷனரை நியமித்திருந்தால் `Engage / Disengage GST Practitioner` பகுதியில் விடுவிக்க வேண்டும், ஏனென்றால் அவர் தன் சொந்த லாகினிலிருந்து வேலை செய்பவர், உங்கள் பாஸ்வேர்டை மாற்றினால் அவரைப் பாதிக்காது. இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்கள் இருந்தால் அவர்களை முடக்க வேண்டும். மென்பொருள் இணைப்புக்காக ஏபிஐ பயனர் உருவாக்கியிருந்தால் அதற்குத் தனி பாஸ்வேர்டு. வருமான வரித் தளத்தில் `Authorised Partners` என்ற பட்டியின் கீழே பழைய ஆடிட்டரோ இடைநிலையாளரோ சேர்க்கப்பட்டிருந்தால், தணிக்கை வேலை பாக்கியில்லை என்று உறுதி செய்துகொண்டு நீக்க வேண்டும்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் திரும்பி வந்ததும் அதன் பின் எண்ணை மாற்றுங்கள். "எங்கோ வைத்துவிட்டோம், கிடைக்கவில்லை" என்ற பதில் வந்தால் காத்திருக்க வேண்டாம். சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு எழுதி அதை ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள். அந்த டோக்கனால் போடும் கையெழுத்து சட்டப்படி உங்கள் கையெழுத்து.

கணினிக்கு வெளியே உள்ளவற்றையும் கேளுங்கள். அவசரத்துக்கு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள், வெற்று லெட்டர்பேடுகள், நிறுவன முத்திரை. நம் பட்டறையில் அண்ணன் காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்து எண்ணியபோது இரண்டு இலைக்குக் கணக்கில்லை. ஆபீஸின் ஒரு கோப்பிலிருந்து ஒன்று திரும்பி வந்தது. மற்றதைக் காணவில்லை. அந்த எண்ணுக்கு மட்டும் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பட்டறைக் கணினியில் தொலைவிலிருந்து நுழையும் மென்பொருள் நிறுவியிருந்தால் நீக்குங்கள். பகிர்ந்த டிரைவ் கோப்புறைகளிலிருந்து பழைய ஆபீஸின் மின்னஞ்சல் முகவரிகளை எடுத்துவிடுங்கள். பில் படங்களும் ஓடிபிகளும் போட்டுக்கொண்டிருந்த வாட்ஸ்அப் குழுவில் இனி எதுவும் போட வேண்டாம் என்று தொழிலாளர்களிடமும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒரு சூப்பர்வைசர் செப்டம்பர்வரை பில் படங்களை அங்கேயே அனுப்பிக்கொண்டிருப்பார், புதிய ஆபீஸ் பில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்கும்.

ஆகஸ்ட் 20 கழிந்தபின் ஒருமுறை உட்கார்ந்து, ஜூலை மாத 3பியில் எடுத்த கழிவைப் பாருங்கள். அந்தக் கம்பி வியாபாரி இதற்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் 16,200 ரூபாய் 2பியில் வந்திருக்கும். அதைப் புதிய ஆபீஸ் எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். இன்னும் வரவில்லை என்றால் பட்டியலில் அந்த வரியை அடிக்காமல் வைத்து, வியாபாரிக்கு ஒரு போன் போடுங்கள்.